ஒரு பெட்டி பள்ளிக்கூடம் வந்த கதை

தேர்வு முடிவுக் கூட்டத்தில் திரையில் வரும் பாக்ஸ் பிளாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மேரி எலினார் ஸ்பியர் அமெரிக்க அரசு அலுவலகங்களுக்குப் புள்ளிவிவரப் படங்கள் வரைந்தவர். 1952இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் பெட்டியின் மூதாதை இருக்கிறது. ஒரு பட்டை, அதற்குள் நடுமதிப்பைக் காட்டும் அடையாளம், மிகக் குறைந்த எண்ணிலிருந்து மிக உயர்ந்த எண் வரை ஓடும் கோடு, அவ்வளவுதான். பட்டை நடுவில் உள்ள பாதிப் பேரை அடக்கியது. அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் வேலை பார்த்த ஜான் டூக்கி அதற்கு மீசை வைத்தார். 1977இல் வெளியான அவருடைய புத்தகம்தான் அதைப் பரப்பியது. பென்சிலும் கட்டமிட்ட தாளும் வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் வரைந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் அவர் கணக்கும் எளிது. எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பிடி; அந்த எண்ணை இரு பாதிகளிலும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு பாதிக்கும் நடு எண்ணைப் பிடி; அவைதான் பெட்டியின் இரு ஓரங்கள். பெட்டி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை மீசை போகலாம், அதற்கும் அப்பால் நிற்கும் எண் தனிப் புள்ளியாக விழும்.

அதன் பிறகு பெட்டி கணினிக்குள் போனது, ஆனால் பள்ளிகள் அதிகம் பயன்படுத்தும் எக்செல்லில் அது நெடுங்காலம் இல்லை. வேண்டியவர்கள் அடுக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடிப்பட்டையின் நிறத்தை நீக்கி ஒப்பேற்றினார்கள். 2016 பதிப்பில்தான் பாக்ஸ் பிளாட்டும் ஹிஸ்டோகிராமும் தயார் நிலையில் படவரிசைக்கு வந்தன. வந்தபோது டூக்கியின் எண்ணும் முறையைப் பெட்டி விட்டுவிட்டு வந்தது. நடு எண்ணை இரு பாதியிலும் சேர்க்காத `Exclusive median` முறைதான் எக்செல்லில் தானாக அமைகிறது.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கைக்கு அடங்கட்டும் என்று 11 பேர் மட்டும் உள்ள ஒரு கற்பனைப் பிரிவு. கணிதத் தேர்வு, 100 மதிப்பெண், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் உள்ளதுபோல 35 எடுத்தால் தேர்ச்சி.

அ பிரிவு: 20, 28, 35, 41, 47, 52, 60, 71, 80, 88, 95.

நடு எண் 52. எக்செல் பெட்டியை 35இல் தொடங்கி 80இல் முடிக்கும். டூக்கி வழியில் கையால் எண்ணினால் 38இல் தொடங்கி 75.5இல் முடியும். எக்செல்லில் `Inclusive median` என்று மாற்றினாலும் இதே விடைதான். பெட்டியின் நீளம் ஒன்றில் 45, மற்றொன்றில் 37.5. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பெரும்பாலும் வேறுபாடு சுருங்கிவிடும். ஆனால் போன வருடப் படத்தை ஒருவர் ஒரு முறையிலும் இந்த வருடப் படத்தை இன்னொருவர் வேறு முறையிலும் போட்டுவிட்டு, "மதிப்பெண்களின் பரவல் குறைந்திருக்கிறது" என்று கூட்டத்தில் சொன்னால் அது வெறும் அமைப்பு மாற்றத்தின் வேலை.

இனி ஆ பிரிவு: 20, 35, 35, 35, 36, 52, 78, 79, 80, 81, 95.

இதற்கும் எக்செல் 20, 35, 52, 80, 95 என்ற அதே ஐந்து எண்களில்தான் பெட்டி போடும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். சராசரியும் உதவாது, ஒன்றுக்கு 56.1, மற்றதற்கு 56.9. ஆனால் வகுப்பில் நடந்திருப்பதே வேறு. அ பிரிவில் மாணவர்கள் ஏணிப்படிபோல வரிசையாக நிற்கிறார்கள். ஆ பிரிவில் நான்கு பேர் தேர்ச்சிக் கோட்டில் தொங்குகிறார்கள், நான்கு பேர் 80ஐச் சுற்றிக் குவிந்திருக்கிறார்கள், இடையில் 52இல் ஒரே ஒருவர். நடுமதிப்பு 52 என்று திரையில் கொட்டையெழுத்தில் போட்டால், அந்த வகுப்பில் ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற எண்ணைப் போட்டதாக ஆகும். பெட்டி ஐந்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பல பிரிவுகளை ஒரே ஸ்லைடில் ஒப்பிட அது வசதி, ஒரு வகுப்புக்குள் என்ன நடந்தது என்று அறிய அது போதாது.

அதற்குத்தான் ஹிஸ்டோகிராம். 1890களில் கார்ல் பியர்சன் அதற்குப் பெயரிட்டார். ஆனால் எக்செல்லில் அதற்கும் ஒரு கண்ணி இருக்கிறது. இடைவெளிகளை அது வகுப்பின் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தானாகத் தொடங்கும். 35 எங்கே விழுந்தாலும் அதற்குக் கவலை இல்லை. சரி, நாமே 25 முதல் 35 வரை என்று போட்டாலும் சிக்கல் தீராது. எக்செல்லில் ஒவ்வொரு இடைவெளியும் தன் மேல் ஓரத்து எண்ணைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். சரியாக 35 எடுத்தவர் தோற்றவர்களின் பட்டையில் போய் உட்காருவார். ஆ பிரிவில் தேர்ச்சி பெற்ற மூன்று பேரை இப்படி ஒரே சொடுக்கில் தோற்றவர்களோடு சேர்த்துவிடலாம்.

கீழ் அச்சை வலச்சொடுக்கிட்டு, அச்சு அமைப்பில் `Underflow bin` என்பதில் 34, `Bin width` என்பதில் 10, `Overflow bin` என்பதில் 94 என்று கொடுத்தால் சரியாகிவிடும். முதல் பட்டையில் 34உம் அதற்குக் கீழும், அடுத்தது 35 முதல் 44, இப்படியே போய்க் கடைசியில் 95உம் அதற்கு மேலும். அ பிரிவுக்குப் பட்டைகளின் உயரம் 2, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று வரும். ஆ பிரிவுக்கு 1, 4, 1, 0, 0, 4, 0, 1. பெட்டி விழுங்கிய இரண்டு திமில்கள் வெளியே வந்துவிட்டன.

தேர்ச்சிக் கோட்டில் குவியல் தெரிந்தால் மாணவர்களை மட்டும் பார்க்கக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ரீஜென்ட்ஸ் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் 65. விடைத்தாளை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்திவந்த காலத்தில், 65இல் ஒரு மேடும் அதற்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளமும் படத்தில் வெளிப்படையாகத் தெரிந்தன. பாடத்தைவிடத் திருத்தும் பேனாவைப் பற்றி அது அதிகம் சொன்னது. பெட்டி போட்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

தனிப் புள்ளிகள் விஷயத்திலும் ஆசிரியர்கள் ஏமாறுவதுண்டு. புள்ளியாக விழுந்த மாணவர்தான் உதவி தேவைப்படுபவர் என்று நினைக்கிறார்கள். அ பிரிவில் பெட்டியின் நீளம் 45, அதன் ஒன்றரை மடங்கு 67.5. பெட்டியின் கீழ் ஓரமே 35தான். எனவே இன்னொருவர் 0 எடுத்து அங்கே சேர்ந்தாலும் தனிப் புள்ளியாக விழமாட்டார், மீசைதான் நீளும். எளிதான ஒரு தேர்வில் பெட்டி 82 முதல் 92 வரை என்றால் எல்லை 67. அங்கே 66 எடுத்து நன்றாகத் தேர்ந்த பெண் தனிப் புள்ளியாக நிற்பாள். தேர்வுக்கே வராதவருக்கு AB என்று எழுதாமல் 0 போட்டுவைத்தால் இன்னும் குழப்பம். சுழியத்தை எக்செல் ஒரு மதிப்பெண்ணாகவே கணக்கில் சேர்க்கும்.

என்னைக் கேட்டால், எல்லாப் பிரிவுகளின் பெட்டிகளையும் ஒரே அளவுகோலில், 0 முதல் 100 வரை, ஒரு ஸ்லைடில் வைப்பேன். 35இல் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு பெட்டியின் கீழும் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண், ஓரத்தில் எந்த முறையில் கணக்கிட்டது என்ற குறிப்பு. பெட்டி நீளமாக இருக்கும் பிரிவுகளுக்கு மட்டும் அடுத்த ஸ்லைடில் ஹிஸ்டோகிராம். நான் எடுத்துக்கொண்டதுபோல 11 பேர் மட்டுமே உள்ள பிரிவுக்கு இரண்டுமே வேண்டாம், பெயரில்லாமல் 11 புள்ளிகளை வரிசையாக வைத்தாலே போதும்.