விளம்பரத்தில் பேசுவது யார்?

இரட்டை வழக்குப் பற்றிப் பேசுகிறவர்கள் 1959இல் ஃபெர்குசன் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டுவது வழக்கம். உயர் வழக்கு யாருக்கும் தாய்மொழியாக இருப்பதில்லை என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. தொலைக்காட்சி விளம்பரம் பயன்படுத்திக்கொண்டது இந்த 'யாருக்கும் இல்லாத' தன்மையைத்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் வந்தது. 1976 ஜனவரியில் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே '16 வயதினிலே' வெளியாகிறது. அன்றைய மதுரை மாவட்டத்து அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா, தென்பாண்டிப் பேச்சைத் திரையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். விளம்பரம் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. முகம் தெரிகிற பாத்திரம் பேச்சுத்தமிழில் பேசும். முகம் தெரியாத குரல் எழுத்துத்தமிழில் முடித்து வைக்கும். மருமகள் "இத வாங்கிப் பாருங்கத்தே" என்பாள். மறைகுரல் "இன்றே வாங்குங்கள்" என்று ஆணையிடும். பேச்சுக்கு ஊர் உண்டு, சாதி உண்டு, வயசு உண்டு. எழுத்துக்கு இவை எதுவும் இல்லாததுபோல ஒரு தோற்றம். அதிகாரம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, மதுரைக்காரனுக்கு மதுரைத் தமிழிலேயே எழுதிவிட்டால் போச்சு என்கிறார்கள். அவ்வளவு லேசில்லை. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் மருமகள் மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டிய வரி: "மாமா சேலை வாங்கி வந்தார்." வட்டார மணம் வேண்டுமென்று எழுத்தாளர் "மாமா வாங்கிட்டு வந்தாய்ங்க" என்று போடுகிறார். மதுரைத் தெருவில் '-ஆய்ங்க' என்பது கூட்டாளிப் பயல்களைச் சொல்வது, பன்மை. அதில் மரியாதை இல்லை. மரியாதைக்கு "வந்தாங்க", சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமென்றால் "வந்தாக". ஒரு விகுதி மாறியதில் மருமகள் மாமனாரை அவமதித்துவிட்டாள். சென்னையில் இது 'மண்வாசனை', மேலூரில் சிரிப்பு. வரியை அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தப்புத் தெரிந்துவிடும். தாளில் வாசித்தால் தெரியாது.

இந்தச் சிக்கலுக்குப் பயந்துதான், 1993இல் சன் டிவி வந்த பிறகு பெருகிய விளம்பரங்களில் பலவும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுப்பேச்சில் தஞ்சம் புகுந்தன. "வாங்க" என்ற சொல் அதற்குத் தோதானது: வரவேற்பும் அதுவே, கொள்முதலும் அதுவே. வட்டார வழக்கு நகைச்சுவைப் பாத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டது. மதுரைக்காரர் வடிவேலுவின் பேச்சைத் தமிழகமே ரசித்தது இந்த ஒதுக்கீட்டை இன்னும் உறுதிப்படுத்தியது எனலாம்.

இன்றைய பரஸ்பர நிதி விளம்பரத்தைப் பாருங்கள். ஆசை காட்டுகிற பகுதி முழுக்கப் பேச்சுத்தமிழ். முதலீடு சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்ற எச்சரிக்கை மட்டும் இறுக்கமான எழுத்துத்தமிழில், மூச்சுவிடாமல் ஓடி மறைகிறது. "போட்ட பணம் கொறஞ்சும் போகலாம்" என்று அதே அத்தையோ மருமகளோ சொல்வதில்லை. எந்த வழக்கை யாருக்கு என்று தேர்வு செய்வதை வெறும் ரசனைப் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் இந்தச் சில விநாடிகளைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். புரியவேண்டியது எது, புரியாமல் போனால் நல்லது எது என்கிற பங்கீடு அங்கே வெளிப்படையாகவே நடக்கிறது.