நிறம் தடுத்து நிறுத்தப்படும் வாயில்

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் குணால் ராயின் ஆய்வுக்குழு, அல்பினிசம் பற்றிய முக்கியமான ஆய்வொன்றை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. 13 இனக்குழுக்களைச் சேர்ந்த 25 குடும்பங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 12 குடும்பங்களில் டைரோசினேஸ் மரபணு பழுதுற்றிருந்தது. அந்தப் பன்னிரண்டில் பத்துக் குடும்பங்களில், தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரே சடுதிமாற்றம் வந்து சேர்ந்திருந்தது. குழுக்களுக்கிடையே மண உறவு அரிதாக இருந்ததன் தடயம் இது.

மெலனின் உருவாக்கத்தின் முதற்படியை நடத்தும் நொதி டைரோசினேஸ். மரபணு பழுதுபட்டால் நொதி செயலிழக்கும், அதனால் நிறம் தோன்றாது என்பது எளிய விளக்கம். ஆனால் ரூத் ஹலபானும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வேறொரு காரணத்தை முன்வைத்தனர். பழுதுற்ற நொதிகள் பல, நிறமி உருவாகும் மெலனோசோமைச் சென்றடைவதே இல்லை. எண்டோபிளாச வலைப்பின்னலிலேயே அவை தடுத்து நிறுத்தப்படுகின்றன.

இந்தத் தீர்ப்பின் கருவி ஒரு சர்க்கரைக் கிளை. புரதத்தில் அஸ்பராஜினை அடுத்து ஏதேனும் ஓர் அமினோ அமிலமும் (புரோலின் நீங்கலாக), அதன்பின் செரினோ த்ரியோனைனோ வரும் இடத்தில், 14 சர்க்கரைகள் கொண்ட கிளை பொருத்தப்படுகிறது. அதன் நுனியிலுள்ள மூன்று குளுக்கோஸ்களில் இரண்டு நீங்கியதும், கால்நெக்சின் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு மடிய உதவுகிறது. கடைசிக் குளுக்கோஸும் நீங்கினால் புரதம் விடுபடுகிறது. அப்போதும் மடிப்பு செம்மையாக இல்லையெனில், ஒரு நொதி மீண்டும் குளுக்கோஸைச் சேர்த்து அதைக் கால்நெக்சினிடம் திருப்பி அனுப்புகிறது. இச்சுழற்சி முடிவின்றித் தொடர்வதில்லை. மேனோஸ் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. போதுமான அளவு கழிந்ததும் புரதம் வெளியே இழுக்கப்பட்டு, புரோட்டியசோமில் சிதைக்கப்படுகிறது.

டைரோசினேஸில் இத்தகைய இடங்கள் 7 உள்ளன. அவற்றுள் ஒன்று 371ஆம் அஸ்பராஜின். 373ஆம் த்ரியோனைன் லைசினாக மாறினால், அங்கே சர்க்கரை பொருந்தும் குறியே அழிந்துவிடுகிறது. நொதி வலைப்பின்னலில் தேங்குகிறது. தேக்கத்தைக் கண்டறியவும் சர்க்கரையே உதவுகிறது. எண்டோ எச் என்னும் நொதி வலைப்பின்னலில் உள்ள மேனோஸ் மிகுந்த கிளைகளை வெட்டும்; கோல்கையில் உருமாறிய கிளைகளை வெட்டாது.

402ஆம் அர்ஜினின் குளூட்டமினாக மாறிய வடிவம் இன்னும் சிந்திக்க வைப்பது. 37 பாகை செல்சியஸில் அது தடுக்கப்படுகிறது. 31 பாகையில் வளர்த்த உயிரணுக்களிலோ மடிந்து வெளியேறுகிறது. அதாவது, வாயிற்காப்பு நொதியின் பயனை அளப்பதில்லை. மடிப்பை மட்டுமே பார்க்கிறது. ஓரளவு பணியாற்றக்கூடிய நொதியும் அதனால் கழிக்கப்படலாம்.

எனினும் இந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. கொல்கத்தா ஆய்வு கண்ட சடுதிமாற்றங்களுள் ஒன்று, மரபணுவின் பெரும்பகுதி இழப்பு. முழுமையாக உருவாகாத நொதியை எந்த வாயிலைத் திறந்தும் மீட்க இயலாது. ஆகவே ஒரு குடும்பத்தில் டைரோசினேஸ் பழுது என்று அறிவது பாதி விடைதான். அந்த நொதி உருவாகவில்லையா, உருவாகியும் தடுக்கப்பட்டதா என்பதே எஞ்சிய கேள்வி.