ஒரு ஆள் டீ குடிக்கப் போனால்...

80/20. அதாவது வரும் அழைப்புகளில் 80 சதவீதத்தை 20 விநாடிக்குள் எடுக்கணும். கால் சென்டரில் பலரும் கேட்டிருக்கும் இலக்கு இது. இதற்கு எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போடும் வழியை கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1917-லேயே வெளியிட்டுட்டார்.

வேளாங்கண்ணி திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அப்போ ரூம் புக்கிங்குக்கு ஒரு போன் மையம் இருக்குன்னு வச்சுக்குவோம். அரை மணியில் 100 அழைப்பு, ஒவ்வொன்றும் பதிவு வேலையோடு சேர்த்து 3 நிமிஷம். மொத்தம் 300 நிமிஷ வேலை. 10 பேருக்குச் சரியா இருக்கும்னு தோணும். ஆனால் அழைப்புகள் வரிசை போட்டு வருவதில்லை, கும்பலாக வரும். 10 பேரை வச்சா காத்திருப்பு கூடிக்கிட்டேதான் போகும்.

எர்லாங் கணக்குப்படி 13 பேர் இருந்தால் சுமார் 80 சதவீதம். ஒருத்தர் டீக்கு எழுந்தால் 64. இன்னொருத்தரும் கூடப் போனால் 39! இடைவேளையை ஆளுக்கொரு நேரமாகப் பிரிப்பது இதனால்தான்.

அனுபவசாலிகள் பேசிக்கிட்டே விவரத்தைப் பதிந்துவிடுவாங்க. போனை வைத்ததும் அடுத்ததுக்குத் தயார். பேச்சை அவசரமாக வெட்ட மாட்டாங்க. வெட்டினால் சராசரி நேரம் குறையும், ஆனால் பதில் கிடைக்காதவர் திரும்பக் கூப்பிடுவார். 100 அழைப்பு 115 ஆகும். ஒரே நம்பர் அன்றைக்கே மறுபடி வருதான்னு பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.