உள்நுழைந்ததும் கூடைக்குள் என்ன நடக்கிறது?

சில மாதங்களுக்கு முன் இணையப் புத்தகக் கடையொன்றில் ஒரு நாவலுக்கு ஓடர் கொடுத்தேன். பொதியைப் பிரித்தால் உள்ளே அதே நாவல் இரண்டு பிரதி. பொதி கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறை என்பதால் கூரியர் தம்பியிடம் தொகையை எண்ணிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். கடைக்கு அழைத்தேன். "தங்கச்சி, நீங்கள்தானே ரெண்டு போட்டிருக்கிறியள்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். அவருடைய திரையில் அப்படித்தான் இருந்தது. நான் இரண்டு கேட்கவில்லை என்பதும் உண்மை.

நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்தபோது விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில், என் கணக்கில் உள்நுழைந்த நிலையில், அந்த நாவலில் ஒன்றையும் மருமகளுக்கு ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தில் இரண்டையும் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன். புதன்கிழமை வவுனியா பஸ்ஸில் கைபேசியில் அதே தளத்தைத் திறந்தேன். உள்நுழையவில்லை. ஞாயிறு போட்டது நினைவில் இல்லாததால் நாவலை மறுபடி போட்டேன், கூடவே ஒரு கவிதைத் தொகுப்பும். பணம் செலுத்தும் பக்கம் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். அந்த நொடியில் இரண்டு கூடைகள் ஒன்றாகின. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று மென்பொருள் கூட்டிவிட்டது.

இது ஒரு கடையின் கவனக்குறைவு மட்டுமல்ல. இணையத்தில் விற்கும் ஒவ்வொருவரும், அல்லது அவருக்குத் தளம் செய்து கொடுப்பவர், எடுத்தாக வேண்டிய ஒரு முடிவு இதற்குள் இருக்கிறது. பெரும்பாலானோர் அப்படியொரு முடிவு இருப்பதே தெரியாமல், மென்பொருள் தருவதை அப்படியே பாவிக்கிறார்கள்.

முதலில், உள்நுழையாத ஒருவரின் கூடையைக் கடை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? உலாவியைப் பொறுத்தவரை ஒவ்வொரு பக்கக் கோரிக்கையும் தனித்தனி. முந்தைய பக்கத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது சேர்வருக்குத் தானாகத் தெரியாது. 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதற்குத் தீர்வாகத்தான் குக்கியை உருவாக்கினார். எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஓர் இணைய விற்பனைச் செயலி செய்துகொண்டிருந்தார்கள். பாதியில் நிற்கும் கொள்வனவுகளைத் தன் சேர்வரில் சுமந்துகொண்டிருக்க அந்த நிறுவனம் விரும்பவில்லை. அந்தச் சுமையை வாடிக்கையாளரின் கணினிக்கு மாற்றும் வழியாகக் குக்கி வந்தது. இன்று எல்லோரும் சலித்துக்கொள்ளும் குக்கி, பிறப்பில் ஒரு கடைக் கூடைதான்.

இப்போதைய வழமை சற்று வேறு. குக்கியில் பொருட்களின் பட்டியல் இருப்பதில்லை. ஊகிக்க முடியாத நீண்ட இலக்கம் ஒன்றே இருக்கும். பட்டியல் சேர்வரின் தரவுத்தளத்தில், அந்த இலக்கத்தின் கீழ் இருக்கும். இலக்கம் 1001, 1002 என்று வரிசையாக இருந்தால், அதை மாற்றிப் பார்க்கும் எவரும் அடுத்தவர் கூடையை எட்டிப் பார்க்கலாம். இதை விருந்தினர் கூடை என்று சொல்வார்கள். கணக்கு வைத்திருப்பவரின் கூடை அவருடைய கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் அது அங்கே காத்திருக்கும்.

விருந்தினர் கூடையின் ஆயுள் கடைக்குக் கடை மாறும். சிறிய கடைகள் பரவலாகப் பாவிக்கும் வூகொமர்ஸில் நீண்ட காலமாக இயல்புநிலை 48 மணித்தியாலங்கள். வெள்ளி இரவு பொருளைப் போட்டுவிட்டு, சம்பளம் வந்தபின் வாங்குவோம் என்று செவ்வாய் திரும்புபவருக்குக் கூடை காலி. இதை நீட்டிக்கலாம், ஆனால் உலாவிகளும் தங்கள் பங்குக்கு வெட்டுகின்றன. ஐபோனின் சஃபாரி, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கியை ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருக்காது. சேர்வர் நேரடியாக அனுப்பும் குக்கிக்கு இந்த வெட்டு பொதுவாக இல்லை. கூடை ஒரு வாரத்தில் மறைகிறது, அதுவும் ஐபோன்காரர்களுக்கு மட்டும் என்று முறைப்பாடு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது குக்கியை யார் எழுதுகிறார்கள் என்பதைத்தான்.

கூட்டுவதா, மாற்றுவதா?

இனி என் நாவலுக்கு வருவோம். கணக்கில் இருந்தவை நாவல் 1, கதைப் புத்தகம் 2. விருந்தினர் கூடையில் இருந்தவை நாவல் 1, கவிதை 1. கதைப் புத்தகமும் கவிதையும் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் சிக்கல் இல்லை, இரண்டும் புதிய கூடைக்குள் வரும். சிக்கல் இரண்டிலும் உள்ள நாவலில்தான்.

மெஜென்டோ என்ற பிரபல மென்பொருள் எண்ணிக்கைகளைக் கூட்டும். நாவல் 2. வூகொமர்ஸ் வேறு மாதிரி. அதன் நிரலில் இரண்டு கூடைகளும் `array_merge` என்ற கட்டளையால் இணைக்கப்படுகின்றன. சேமித்த கூடை முதலில், நடப்புக் கூடை பிறகு. ஒரே பொருள் இரண்டிலும் இருந்தால் பின்னால் வருவது முன்னதை அழித்து எழுதும். ஆகவே நாவல் 1. என் விடயத்தில் இதுதான் சரி. ஆனால் கணக்கில் ஐந்து அப்பியாசக் கொப்பிகளைப் போட்டு வைத்தவர், கைபேசியில் தெரியாமல் அதே கொப்பியில் ஒன்றைப் போட்டு உள்நுழைந்தால், ஐந்து ஒன்றாகச் சுருங்கிவிடும். அவரும் கவனிக்க மாட்டார்.

மூன்றாவது வழி இரண்டில் பெரிய எண்ணிக்கையை எடுப்பது. நாவல் 1, கொப்பி 5. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் போட்டவர் பெரும்பாலும் மறந்துபோய்ப் போட்டவர். இன்னும் ஒன்று வேண்டுமென்று நினைத்துப் போட்டவர் குறைவு. கூட்டுவது பொருந்தும் கடைகளும் உண்டு. மொத்த விற்பனைத் தளத்தில் ஒருவர் பகுதி பகுதியாகப் பட்டியல் சேர்ப்பார். அங்கே பெரியதை எடுத்தால் ஓடரில் சரக்குக் குறையும்.

பெரியதை எடுப்பதில் இன்னொரு இலாபம் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் சிக்னல் இழுபடும்போது உள்நுழையும் பொத்தானை யாரும் ஒருமுறை மட்டும் அழுத்துவதில்லை. கோரிக்கை இரண்டு முறை போய், விருந்தினர் கூடை அழிக்கப்படுமுன் இரண்டாவது இணைப்பும் ஓடிவிட்டால், கூட்டும் முறையில் நாவல் மூன்றாகிவிடும். பெரியதை எடுக்கும் முறையில் எத்தனை முறை ஓடினாலும் விடை ஒன்றுதான். தளம் செய்பவர்களுக்காக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதன் வடிவம் கீழே. 305 விருந்தினர் கூடை, 71 கணக்கின் கூடை. ஒரு கூடையில் ஒரு பொருள் ஒரு வரியாக மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாடு அட்டவணையில் முன்பே இருக்க வேண்டும்.

```sql
BEGIN;
INSERT INTO cart_items (cart_id, product_id, qty)
SELECT 71, product_id, qty
FROM cart_items WHERE cart_id = 305
ON CONFLICT (cart_id, product_id)
DO UPDATE SET qty = GREATEST(cart_items.qty, EXCLUDED.qty);
DELETE FROM cart_items WHERE cart_id = 305;
COMMIT;
```

இணைப்பதும் அழிப்பதும் ஒரே கட்டுக்குள் இருப்பதைக் கவனியுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. கூட்டும் முறையில், வெளியேறும்போது உலாவியை வெறுமையாக்க மறந்த தளங்களில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியேறியபின் உலாவியில் கணக்கின் கூடையின் பிரதி அப்படியே கிடக்கும். அடுத்த முறை உள்நுழையும்போது அது கணக்கோடு மறுபடி கூட்டப்படும். எண்ணிக்கை 2, 4, 8 என்று ஏறும். உள்நுழையும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை இரட்டிப்பதாக வாடிக்கையாளர் சொன்னால் நோய் இதுதான்.

விலையையும் சொல்ல வேண்டும். கூடையில் சேமிக்க வேண்டியது பொருளின் இலக்கமும் எண்ணிக்கையும். விலையை அதோடு உறைய வைத்துவிட்டு, பழைய கூடை திரும்பும்போது அதே விலையில் விற்றால் நட்டம் கடைக்கு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின், ஒரு மாதம் பழைய கூடை என்றால் அதன் அர்த்தம் என்னவென்று இறக்குமதிப் பொருள் விற்றவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. விலையைக் கூடை திறக்கும்போது புதிதாக எடுத்து, மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் அருகருகே காட்டுவதே முறை. கூடையில் இருப்பதால் பொருள் உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணமும் பிழை. பெரும்பாலான கடைகள் ஓடர் இடும் வரை ஒதுக்குவதில்லை. இணைத்தபின் எண்ணிக்கை கையிருப்பை மிஞ்சினால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

ஒரே போன், பல பேர்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒரு கருவியை ஒருவர் மட்டுமே பாவிக்கிறார் என்ற எண்ணத்தில்தான் இந்த மென்பொருட்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே பல வீடுகளில் ஒரு போனை மூன்று பேர் பாவிக்கிறார்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா உள்நுழையாமல் ஒரு மருந்துக்கடைத் தளத்தில் கர்ப்பப் பரிசோதனைக் கருவியைக் கூடையில் போடுகிறார். வாங்குவதா என்று முடிவெடுக்காமல் மூடிவிடுகிறார். மாலையில் தம்பி அதே போனில் விற்றமின் குளிசை வாங்கத் தன் கணக்கில் நுழைகிறார். விருந்தினர் கூடை யாருடையது என்று தளம் கேட்பதில்லை. கருவி தம்பியின் கணக்குக்குப் போய்விடுகிறது. மறுநாள் அவருடைய அலுவலகக் கணினியிலும் அது தெரியும். அக்கா போனிலிருந்து அழித்தாலும் பயனில்லை, அந்தக் கூடை இப்போது அவர் கையில் இல்லை.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. விருந்தினர் கூடை சற்று முன், அதே அமர்வில் நிரப்பப்பட்டதென்றால் தானாக இணைக்கலாம். பல மணித்தியாலம் தொடப்படாமல் கிடந்ததென்றால் இணைக்குமுன் கேட்க வேண்டும். "இந்தக் கருவியில் 1 பொருள் கூடையில் உள்ளது. உங்கள் கணக்கில் சேர்க்கவா?" என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும், பெயரைக் காட்ட வேண்டாம். வேண்டாம் என்றால் கணக்குக்குக் கொண்டுபோகாமல் விட வேண்டும். வெளியேறும்போது கணக்கின் கூடை உலாவியில் எஞ்சக்கூடாது. உள்நுழைந்ததும் குக்கி இலக்கமும் புதிதாக மாற வேண்டும். இல்லாவிட்டால், பழைய இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கும் ஒருவருக்குக் கணக்கே திறந்துவிடும் ஆபத்து உண்டு.

ஒரு தளம் எந்த வகை என்று அறிய நிரல் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு பொருளில் மூன்று போடுங்கள். பிறகு உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், உள்நுழையாமல், அதே பொருளில் இரண்டு போட்டு உள்நுழையுங்கள். ஐந்து வந்தால் கூட்டுகிறது, இரண்டு வந்தால் அழித்து எழுதுகிறது, மூன்று வந்தால் பெரியதை எடுக்கிறது, அல்லது விருந்தினர் கூடையையே வீசிவிடுகிறது. இந்தக் கடைசி இரண்டையும் பிரித்தறிய, மறைநிலையில் வேறொரு பொருளையும் சேர்த்துப் போட்டால் தெரியும். அப்படியே வெளியேறி மறுபடி நுழைந்து எண்ணிக்கை மாறுகிறதா என்றும் பாருங்கள்.

என் புத்தகக் கடையில் இதைச் செய்து பார்த்தேன். ஐந்து வந்தது. திரைப்படங்களை எடுத்து அனுப்பினேன். இப்போது உள்நுழைந்தால் கூடையின் மேலே ஒரு மஞ்சள் வரி வருகிறது: "உங்கள் முந்தைய கூடையிலிருந்து பொருட்கள் சேர்க்கப்பட்டுள்ளன, எண்ணிக்கையைச் சரிபார்க்கவும்." கூட்டுவது மட்டும் இன்னும் மாறவில்லை. இரண்டாவது நாவலை ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டேன்.