இணையவழிப் பிணக்குத் தீர்வு

ஒருவரையொருவர் முகமறியாத வாங்குநரும் விற்பனையாளரும், தம்மிடையே எழும் சிறு வழக்குகளை நீதிமன்றப் படியேறாமல், எழுத்தாலும் படங்களாலும் தொலைவிலிருந்தே முன்வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்வதோ, பேச்சு முறிந்தவிடத்து நடுவர் ஒருவரின் முடிவுக்கு விடுவதோ இணையவழிப் பிணக்குத் தீர்வு எனப்படும். 1999 இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈத்தன் கட்ஷ், ஈபே ஏலத்தளத்தில் எழுந்த ஏறக்குறைய 200 பிணக்குகளை மின்னஞ்சல் வாயிலாக மத்தியஸ்தம் செய்து பார்த்த பரிசோதனை இத்துறையின் ஆரம்பகால முயற்சிகளுள் பிரசித்தமானது.

இதன் நடைமுறையை ஒரு கற்பித உதாரணத்தால் விளக்கலாம். வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள துணிக்கடையொன்றின் கரும்பச்சைச் சேலையை, மட்டக்களப்பிலுள்ள ஒருவர் கைத்தொலைபேசியில் பார்த்து, 9,500 ரூபாவுக்கு வரவழைக்கிறார். பிரித்துப் பார்த்தால் வந்திருப்பது வேறு கரையிட்ட இளம்பச்சைச் சேலை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பஸ்ஸில் கடந்து வந்து கடைக்காரருடன் வாதாடுவதென்றால் போக்குவரத்தும் ஒருநாட் கூலியும் சேலையின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இவ்வாறு வழக்கின் பெறுமதியை எட்டுமளவுக்கு வழக்காடும் செலவு மிகுவதே இம்முறை தோன்றக் காரணம்.

சேலை ஒரு சந்தைத்தளத்தின் வாயிலாக விற்கப்பட்டிருந்தால், வாங்கியவர் குறித்த நாட்களுக்குள் “வந்த பொருள் வேறு” என்ற காரணத்தைத் தெரிவுசெய்து, படங்களை இணைத்து முறைப்பாட்டைத் திறப்பார். கடைக்காரர் பதிலளிக்க ஒரு தவணை உண்டு. பொருளைத் திருப்பியனுப்பிப் பணத்தை மீளப் பெறுவதா, விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு சேலையை வைத்துக்கொள்வதா என்று இருவரும் இணங்காவிடில், தளத்தின் அலுவலர் சாட்சியங்களைப் பார்த்துத் தீர்ப்பளிப்பார். கரை வேறென்பது கடையின் படத்தையும் வந்த சேலையின் படத்தையும் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். நிறம் மட்டும் வேறென்றால், திரையின் ஒளி, அறையின் வெளிச்சம் எனக் கடைக்காரர் சொல்லக்கூடிய சமாதானங்கள் பல. பார்சலின் முத்திரை உடையுமுன் தொடங்கி, சேலை விரியும் வரை இடையறாது எடுத்த காணொளியே அங்கு வலிய பிரமாணம்.

ஆயினும், இம்முறையின் உயிர்நிலை சாட்சியமன்று, பணம் யார் கையில் தங்கியிருக்கிறது என்பதே என்பது என் துணிபு. விற்றவருக்குச் சேரவேண்டிய தொகையைத் தளம் சில நாள் நிறுத்திவைத்தால், அதன் தீர்ப்பை நிறைவேற்ற வேறொருவர் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் பொதுமக்களுக்குத் திறந்த முறைப்பாட்டுத் தளத்தில் அந்தப் பிடி இருக்கவில்லை. வியாபாரிகளுட் பெரும்பாலோர் முறைப்பாடுகளுக்குப் பதிலே அளிக்காமல் இருந்துவிட, அத்தளம் 2025 யூலை 20 இல் மூடப்பட்டது.

அதே சேலையை முகநூற் பக்கத்தில் கண்டு, வாட்ஸ்அப்பில் கேட்டு, கூரியர்க்காரரிடம் வாசலிலேயே பணத்தைக் கொடுத்து வாங்கியிருந்தால் நிலைமை வேறாகும். பார்சல் பிரிபடுமுன்னரே பணம் கைமாறிவிடுகிறது, நிறுத்திவைக்க எவருமில்லை. அப்போது வாங்கியவருக்குரிய வழி 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. அதன் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் சேரவேண்டும். விசாரணையின் முடிவில் பணத்தை மீளளிக்கவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, நஷ்டஈடு வழங்கவோ கட்டளையிடும் அதிகாரம் சபைக்குண்டு. வாட்ஸ்அப் உரையாடல் சாட்சியமாகுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைத் தள்ளிவிட இடந்தரவில்லை. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய மத்தியஸ்த சபைகளும் உண்டு; அவை இணக்கம் தேடுவனவேயன்றித் தீர்ப்பு விதிப்பனவல்ல.

விற்றவர் கடல் கடந்து, சென்னையில், இருந்தாலோ இலங்கைச் சபையின் கட்டளை அங்கே எட்டுவது அரிது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவ்வாறு வாங்கியவர் வங்கி அட்டையாற் பணம் செலுத்தியிருந்தால், அட்டையை வழங்கிய தம் வங்கியிடமே மறுப்புத் தெரிவித்து, தொகையை வியாபாரியின் வங்கியிடமிருந்து திருப்பிக் கேட்கச் செய்யலாம். பொருள் வராமை, வேறு பொருள் வருதல் ஆகியவற்றுக்குச் சர்வதேச அட்டை வலையமைப்புகள் வழங்கும் தவணை பொதுவாக 120 நாள். நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியவருக்கு இந்த வழி இல்லை.

முகநூற் கடைகள்மீதான முறைப்பாடுகளில் முதலில் தட்டுப்படும் தடை, விற்றவர் யார், எங்கிருக்கிறார் என்பதே. பக்கத்தின் பெயர் ஒரு நாளில் மாறும், தொலைபேசி இலக்கம் அணைந்துபோகும். ஆனால் பார்சலின் மேல் கூரியர் ஒட்டிய சீட்டில் அனுப்பியவரின் விபரமும் பார்சலின் இலக்கமும் அச்சாகியிருக்கும். ஆதலால் வாங்குவோர், சேலையை உடுத்துப் பார்த்துத் திருப்தியடையும் வரை, அந்தச் சீட்டைக் கிழித்தெறியாது வைத்திருக்க வேண்டுகிறோம்.