கைத்தூய்மைப் பயிற்சியும் நடத்தை மாற்றமும்: நான்கு நிலை மதிப்பீட்டின் மூன்றாம் நிலை குறித்து

பணியாளர் பயிற்சியின் பயனை அளக்க இன்று பரவலாகக் கையாளப்படும் நான்கு நிலை முறையை, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959, 1960ஆம் ஆண்டுகளில் பயிற்சியாளர்களுக்கான இதழொன்றில் தொடர்ந்து எழுதிய நான்கு கட்டுரைகளில் முன்வைத்தார். பயிற்சி பெற்றோர் அதை எவ்வாறு வரவேற்றனர் என்பது முதல் நிலையாகிய எதிர்வினை. அறிவிலும் திறனிலும் மனப்பாங்கிலும் அவர்கள் பெற்றது என்ன என்பது இரண்டாம் நிலையாகிய கற்றல். பணியிடத்துக்குத் திரும்பிய பின் அவர்கள் செய்யும் வேலை மாறியதா என்பது மூன்றாம் நிலையாகிய நடத்தை. அம்மாற்றத்தால் நிறுவனத்துக்கு நேர்ந்த நன்மை நான்காம் நிலையாகிய விளைவு. இவற்றுள் மூன்றாம் நிலையைக் கீழ்நிலைகளின் முடிவுகளிலிருந்து ஊகித்துக்கொள்ள முடியாது என்பதும், அதைத் தனியே அளந்த பின்னரும் கிடைத்த மாற்றத்தை வகுப்பின் கணக்கில் மட்டும் எழுத முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். வாதத்துக்கு உரிய களமாக மருத்துவமனைச் செவிலியருக்கு நடத்தப்படும் கைத்தூய்மைப் பயிற்சி எடுத்துக்கொள்ளப்படுகிறது. செயல் குறுகியது, கண்ணுக்குப் புலப்படுவது, எண்ணத்தக்கது என்பதால், மூன்றாம் நிலை அளவீட்டின் இடர்ப்பாடுகள் இங்கே மறைப்பின்றித் தெரிகின்றன.

நிலைகள் ஏணிப்படிகள் போல் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்ற எண்ணம் மதிப்பீட்டாளரிடையே வேரூன்றியிருக்கிறது. வகுப்பு பிடித்திருந்தால் கற்றிருப்பார்கள், கற்றிருந்தால் கடைப்பிடிப்பார்கள் என்று அவர்கள் கருதுகின்றனர். அல்லிகரும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 1997இல் வெளியிட்ட பகுப்பாய்வு இதற்கு இடந்தரவில்லை. வகுப்பு பிடித்திருந்தது என்ற கருத்துக்கும் பின்னாளைய பணிச் செயலுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க உறவு காணப்படவில்லை. வகுப்பு தம் வேலைக்குப் பயன்படும் என்ற கருத்து மட்டுமே சற்று மேலான உறவைக் காட்டியது. கைத்தூய்மையில் இப்பிளவு இன்னும் கூர்மையானது. நோயாளியைத் தொடுமுன் கையைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதை அறியாத செவிலியர் அரியர் என்பதால், வகுப்பின் முடிவில் வைக்கப்படும் எழுத்துத் தேர்வில் அனைவரும் உயர்ந்த மதிப்பெண் பெறுவதும், அடுத்த நாள் காலை வார்டில் பழைய வழக்கமே தொடர்வதும் ஒருங்கே நிகழலாம். இங்கே குறை அறிவில் இல்லை; ஆகவே அறிவை அளக்கும் கருவியால் அதைக் காணவும் முடியாது.

மூன்றாம் நிலையை அளக்கப் புகுமுன், மாற வேண்டிய நடத்தை எது என்பதை எண்ணத்தக்க செயலாக வரையறுப்பது முதற்கடமை. ‘தூய்மையில் அக்கறை காட்டுகிறார்’ என்ற வகையான கூற்றைப் பார்வையாளர் இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்வர். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகளில் இடம்பெறும் ஐந்து தருணங்கள் இக்குறையைப் போக்குகின்றன: நோயாளியைத் தொடுமுன், கிருமி புகாமல் செய்ய வேண்டிய செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சூழ்ந்துள்ள பொருள்களைத் தொட்ட பின். இத்தருணங்களின்படி கையைத் தூய்மை செய்தாக வேண்டிய ஒவ்வொரு நிலையும் ஒரு வாய்ப்பாக எண்ணப்படுகிறது. அவ்வாய்ப்புகளுள் எத்தனையில் செவிலியர் ஆல்கஹால் கரைசலைத் தேய்த்தார் அல்லது சோப்பால் கழுவினார் என்பதன் விழுக்காடே கடைப்பிடிப்பு விகிதம். இவ்வரையறையின் சிறப்பு அதன் பகுதியில் இருக்கிறது. ஒரு செவிலியர் ஒரு நாளில் நாற்பது முறை கை கழுவினார் என்ற செய்தி, அவர் கழுவ வேண்டியிருந்தது ஐம்பது முறையா நூறு முறையா என்று தெரியாதவரை நடத்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அடுத்து யார் பார்ப்பது என்ற வினா எழுகிறது. பயிற்சி பெற்றவரையே கேட்டால் மிகையான விடை வருகிறது; பொய் சொல்லும் நோக்கத்தால் அன்று, செய்ததை நினைவில் வைப்பது போல் செய்யாமல் விட்டதை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பதால். ஆகவே பயிற்சி பெற்ற பார்வையாளர் வார்டில் நின்று, ஒவ்வோர் அமர்விலும் சுமார் இருபது நிமிடம் கவனித்துப் படிவத்தில் குறிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாகியுள்ளது. ஒரு பிரிவுக்கு ஒரு காலகட்டத்தில் ஏறக்குறைய 200 வாய்ப்புகளைப் பதிய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு பரிந்துரைக்கிறது. எனினும் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே நடத்தையை மாற்றிவிடுகிறது. டொரன்டோ மருத்துவமனை ஒன்றில் கரைசல் குடுவைகளின் பயன்பாட்டை மின்னணுக் கருவியால் பதிவுசெய்து 2014இல் வெளியான ஆய்வில், தணிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் அப்பயன்பாடு மற்ற இடங்களைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. எனவே பார்வையால் பெற்ற விகிதத்தை உண்மை விகிதமாகக் கொள்ளலாகாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே பார்வையாளர், ஒரே பணிமுறை நேரங்கள், ஒரே படிவம் என்று அமைத்தால் மிகை இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அந்நிலையில் வேறுபாட்டை மட்டும் ஓரளவு நம்பலாம். பார்வையோடு தொடர்பில்லாத இரண்டாவது சான்றாக, வார்டில் செலவான கரைசலின் அளவை ஆயிரம் நோயாளி நாட்களுக்கு இத்தனை லிட்டர் எனக் கணக்கிட்டு அருகில் வைப்பது இன்றியமையாதது. பார்வையாளர் காட்டும் விகிதம் ஏறி, கரைசலின் செலவோ சோப்பின் செலவோ அசையாமல் இருந்தால், மாறியது பார்வையாளர் இருந்த இருபது நிமிடம் மட்டுமே என்று ஐயுற வேண்டும்.

அளவீட்டின் அமைப்பை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு மருத்துவமனையின் இரண்டு வார்டுகளுள் ஒன்றின் செவிலியருக்குப் பயிற்சி தரப்படுகிறது. மற்றதற்குப் பின்னர் தரப்படும் என்பதால் அது ஒப்பீட்டு வார்டாகிறது. பயிற்சிக்கு முன் முதல் வார்டில் 200 வாய்ப்புகளில் 80, அதாவது 40 விழுக்காடு, கடைப்பிடிக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து 200இல் 112, அதாவது 56 விழுக்காடு. பதினாறு புள்ளி உயர்வு என்று அறிக்கை எழுதிவிடலாம். பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் பயிற்சியே பெறாத வார்டிலும் அதே இடைவெளியில் 84 என்ற எண்ணிக்கை 100 ஆகி, 42 விழுக்காடு 50 ஆகியிருக்கிறது. மருத்துவமனை முழுவதும் பரவிய ஏதோ ஒரு காரணம், தணிக்கை பற்றிய பேச்சோ புதிய கண்காணிப்பாளரின் வருகையோ, எட்டுப் புள்ளியை உயர்த்தியிருக்கிறது. அதைக் கழித்தால் பயிற்சியின் பங்காக எஞ்சுவது எட்டுப் புள்ளி. அந்த எட்டும் உறுதியானதன்று. தற்செயல் ஏற்ற இறக்கத்தின் அளவைக் குறிக்கும் திட்டப் பிழை, 200 வாய்ப்புகள் கொண்ட ஒவ்வொரு விகிதத்துக்கும் சுமார் மூன்றரைப் புள்ளி. நான்கு விகிதங்களிலிருந்து பெறப்பட்ட இவ்வேறுபாட்டுக்கு அது ஏறத்தாழ ஏழு புள்ளி ஆகிறது. ஆகவே பயிற்சியின் உண்மையான பங்கு இருபது புள்ளியைத் தாண்டியும் இருக்கலாம், பூச்சியத்துக்குக் கீழும் இருக்கலாம். ஒரே செவிலியர் பலமுறை பதிவாகும்போது அவ்வாய்ப்புகள் ஒன்றுக்கொன்று சார்புடையவை என்பதையும் சேர்த்தால் ஐயம் இன்னும் விரியும். இதற்குத் தீர்வு ஒரே ஒரு பின்பார்வையோடு நில்லாமல், பயிற்சிக்கு முன்னும் பின்னும் பல மாதங்களுக்குத் தொடர்ந்து அளப்பதுதான். தனித்த இரு புள்ளிகள் காட்ட முடியாததை ஒரு தொடர் காட்டும்.

மொத்த விகிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு பயன் உண்டு. மேற்கண்ட 200 வாய்ப்புகளுள் நோயாளியைத் தொடுமுன் வருபவை 60 என்றும், அவற்றில் கடைப்பிடிப்பு 15இலிருந்து 18 மட்டுமே ஆயிற்று என்றும் கொள்ளலாம். எஞ்சிய 140 வாய்ப்புகளில், பெரும்பாலும் தொட்ட பின் வருபவற்றில், அது 65இலிருந்து 94 ஆகியிருக்கிறது. தொடுமுன் கடைப்பிடிப்பு குறைந்தும் தொட்ட பின் மிகுந்தும் இருப்பது பல மருத்துவமனைகளில் காணப்படும் போக்கு. தொட்ட பின் செய்வது செவிலியரையும் அடுத்த நோயாளியையும் காக்கிறது. தொடுமுன் செய்வது எதிரில் இருக்கும் நோயாளியைக் காக்கிறது. பயிற்சி எந்த நோயாளியைக் காக்க நடத்தப்பட்டதோ அவருக்கான நடத்தை ஏறக்குறைய அப்படியே இருக்க, சராசரி மட்டும் உயர்ந்து நிற்பதை மொத்த எண் மறைத்துவிடுகிறது.

பணியிடச் சூழல் வகுப்பை விட வலிமையானது என்பதற்கு இத்துறையின் தொடக்க காலத்திலேயே சான்று கிடைத்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் மேற்பார்வையாளர்களுக்கு அளிக்கப்பட்ட மனித உறவுப் பயிற்சியை ஆராய்ந்து எட்வின் ஃபிளைஷ்மன் 1953இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வகுப்பு முடிந்த கையோடு அவர்களிடம் தெரிந்த மனப்பாங்கு மாற்றம் தொழிற்சாலைக்குத் திரும்பியபின் நிலைக்கவில்லை; அவர்கள் தம் தொழிலாளரை நடத்திய விதம், அவர்களை அவர்களுடைய மேலதிகாரி நடத்திய விதத்தோடு ஒத்துச் சென்றது. கிர்க்பாட்ரிக்கும் இதை உணர்ந்தே, நடத்தை மாற்றத்துக்கு விருப்பமும் அறிவும் மட்டும் போதா, ஏற்ற சூழலும் மாறியமைக்கான பயனும் வேண்டும் என்றார். மாற்றத்தைத் தடுக்கும் மேலதிகாரியிலிருந்து கட்டாயப்படுத்தும் மேலதிகாரி வரை சூழலை ஐந்து வகையாகவும் பிரித்தார். அவருடைய முறையைக் கையாள்வோர் நான்கு நிலைகளை எடுத்துக்கொண்டு இந்நிபந்தனைகளை விட்டுவிடுவது பெருங்குறை.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் டிடியே பிட்டேயின் குழு நடத்திய முயற்சியை இவ்வொளியில் படிக்க வேண்டும். அங்கே கடைப்பிடிப்பு 1994இல் 48 விழுக்காட்டிலிருந்து 1997இல் 66 விழுக்காடாயிற்று; மருத்துவமனையில் தொற்றிய நோய்களின் பரவல் 1994இல் 16.9 விழுக்காட்டிலிருந்து 1998இல் 9.9 விழுக்காடாகக் குறைந்தது. கரைசலின் செலவு 1993க்கும் 1998க்கும் இடையே ஆயிரம் நோயாளி நாட்களுக்கு 3.5 லிட்டரிலிருந்து 15.4 லிட்டராக ஏறியது. பார்வையும் செலவும் ஒரே திசையில் நகர்ந்ததால் நடத்தை மாறியது என்ற முடிவு வலுவுடையது. ஆனால் அங்கே நிகழ்ந்தது வகுப்பு மட்டுமன்று. படுக்கையருகே கரைசல் வைக்கப்பட்டது, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, அளவீட்டின் முடிவுகள் வார்டுகளுக்கே திருப்பித் தரப்பட்டன, நிருவாகம் வெளிப்படையாகத் துணைநின்றது. செவிலியரிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தபோதும் மருத்துவர்களின் கடைப்பிடிப்பு தாழ்ந்தே இருந்தது. ஒப்பீட்டு மருத்துவமனை இல்லாத நிலையில் நான்காம் நிலையில் கண்ட குறைவை முழுவதும் கைத்தூய்மையின் பயனாகக் கொள்ளவும் இயலாது. இத்தகைய இடத்தில் மெய்ப்பிப்பு கிட்டாவிடில் சான்றோடு அமைய வேண்டும் என்ற கிர்க்பாட்ரிக்கின் அறிவுரை பொருந்துகிறது. சான்று எதற்குச் சான்று என்பதை மட்டும் வரையறுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே கடைப்பிடிப்பு உயராத வார்டைக் கண்டதும் வகுப்பு தோற்றது என்று எழுதுவது, உயர்ந்த வார்டைக் கண்டதும் வகுப்பு வென்றது என்று எழுதுவதைப் போலவே அவசரமானது. பார்வைப் படிவத்தில் விட்டுப்போன ஒவ்வொரு வாய்ப்புக்கும் அருகே, கைக்கெட்டும் தொலைவில் கரைசல் குடுவை இருந்ததா, அதில் கரைசல் இருந்ததா, செவிலியர் கையுறை அணிந்திருந்தாரா, அந்நேரத்தில் அவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தனர் என்ற நான்கு குறிப்புகளைச் சேர்ப்பது அமர்வின் நேரத்தைப் பெரிதாகக் கூட்டாது. விடுபட்டவற்றுள் பெரும்பாலானவை குடுவை காலியான படுக்கைகளைச் சுற்றியே அமைந்தால், அதே வகுப்பை மீண்டும் நடத்தச் செலவிடும் பணம் கரைசல் நிரப்பும் ஊழியரின் பணி அட்டவணையைத் திருத்துவதற்கே போக வேண்டும். குடுவை நிறைந்திருந்தும், நோயாளிகள் குறைந்திருந்தும், கையுறை அணிந்த கைகளே தொடுமுன் தருணத்தை விட்டிருந்தால், கையுறை கைத்தூய்மைக்கு மாற்று ஆகாது என்பது வகுப்பில் பதியவில்லை என்று பொருள். அங்கே மறுபயிற்சிக்குக் காரணம் உண்டு, அதன் பாடமும் அந்த ஒரு தருணமாகவே இருக்கலாம்.