தன்னையே மறைத்துக்கொள்ளும் நாள்: நகரும் சராசரிப் பட்டையின் வரலாறு

தினசரி அளவுகளின் வரிசையில் வழக்கத்துக்கு மாறான நாளைக் கண்டுபிடிக்க இன்று பலரும் கையாளும் வழி ஒன்றுதான். கடந்த சில நாட்களின் சராசரியை நாள்தோறும் நகர்த்துகிறார்கள். அதன் மேலும் கீழும் திட்ட விலக்கத்தின் இரண்டு அல்லது மூன்று மடங்கு தள்ளிக் கோடு போடுகிறார்கள். கோட்டைத் தாண்டிய நாளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். இந்தப் பட்டை இரண்டு மரபுகளின் கலப்பு. அவை கலந்த இடத்தில் ஒரு பிழையும் சேர்ந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நகரும் சராசரி பழையது. 1901-ல் ஆர். எச். ஹூக்கர், இங்கிலாந்தின் திருமண விகிதத்தை வாணிபத்தோடு ஒப்பிட ஒன்பது ஆண்டுச் சராசரியை நகர்த்தி, ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்தார். விலகலுக்கு வரம்பு கட்டியவர் வால்டர் ஷூஹார்ட். 1924 மே 16 அன்று வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அவர் தந்த சிறு குறிப்பில்தான் கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்தது. அவருடைய வரம்பு, ஆலை ஒழுங்காக ஓடிய பழைய நாட்களிலிருந்து கணக்கிடப்பட்டது. இன்றைய அளவு அந்த வரம்பின் முன் சோதனைக்கு நிற்கும். வரம்பை வகுப்பதில் அதற்குப் பங்கில்லை.

சந்தைக்காரர்களின் மரபு வேறு. 1960-ல் செஸ்டர் கெல்ட்னர் பத்து நாள் சராசரியைச் சுற்றிப் பட்டை போட்டார். 1980-களில் ஜான் பொலிஞ்சர் இருபது நாள் சராசரியையும் இரண்டு திட்ட விலக்கத்தையும் வழக்கமாக்கினார். இங்கே இன்றைய விலையும் கணக்குக்குள் இருக்கிறது. பட்டை அகலமாவதே வியாபாரிக்கு ஒரு சேதி என்பதால் அவர்களுக்கு அதில் குறையில்லை. அதே பழக்கம் மழைக்கணக்குக்கு வரும்போதுதான் சிக்கல்.

தென்காசி, குற்றாலம் அருகே உள்ள இலஞ்சியில் ஒரு மழைமானி இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆறு நாள் துளி மழையில்லை. ஏழாம் நாள் 100 மி.மீ. ஏழு நாள் சராசரி 14.3; திட்ட விலக்கம் 37.8. மூன்று மடங்கு வைத்தால் மேல்கோடு 127.7-ல் நிற்கும். நூறு மி.மீ. மழை பட்டைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய சுமார் 950 மி.மீ. மழையை ஏழாம் நாளில் வைத்தாலும் முடிவு மாறாது: கோடு 1,213-க்குப் போய்விடும். கொட்டிய மழையே தன் வேலியையும் தள்ளிவைக்கிறது.

இது தற்செயல் அல்ல. n நாள் கணக்கில் எந்த ஒரு நாளும் சராசரியிலிருந்து (n−1)/√n திட்ட விலக்கத்துக்கு மேல் விலக முடியாது. ஏழு நாளுக்கு அது 2.27, பத்து நாளுக்கு 2.85. ஆக, இன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று மடங்குக் கோட்டைத் தாண்டக் குறைந்தது பதினோரு நாள் வேண்டும். இந்த உச்சவரம்பு 1935-ல் டபிள்யூ. ஆர். தாம்சன் தந்த சோதனையில் உள்ளடங்கியிருந்தது. மறு ஆண்டே ஈகான் பியர்சனும், பின்னாளில் மக்கள்தொகை ஆய்வில் புகழ்பெற்ற சி. சந்திரசேகரும் ‘பயோமெட்ரிகா’ இதழில் இன்னொரு குறையைக் காட்டினார்கள்: விலகிய அளவுகள் இரண்டாக இருந்தால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். நம் மழைமானியில் இரண்டு மடங்குக் கோடு 89.9 என்பதால் முதல் நாள் பிடிபடும். மறுநாளும் 100 மி.மீ. பெய்தால் கோடு 126.2-க்கு ஏறிவிடும், அந்த நாள் தப்பிவிடும். வெள்ளத்தில் இரண்டாம் நாள் இன்னும் மோசமாகலாம் என்பதை நினைத்தால் இது சின்னக் குறையல்ல.

இன்றைய நாளை விட்டு முந்தைய நாட்களை மட்டும் எடுத்தால் ஷூஹார்ட்டின் வழிக்குத் திரும்பலாம். ஆனால் ஆறு நாளும் சுழி என்றால் திட்ட விலக்கமும் சுழி, இரண்டு மி.மீ. சாரலும் அதிசய நாளாகிவிடும். குற்றாலச் சீசன் தொடங்கும் ஜூனிலும் இதே தொல்லை. நாட்களைக் கூட்டி இருபத்தோரு நாள் சராசரி எடுத்தாலும் அது பத்து நாள் பின்தங்கியே வரும். ஊரார் வழக்கமென்று எண்ணும் சாரலுக்கெல்லாம் வண்ணம் ஏறும்.

மழைக்கு நகரும் சன்னலைவிட நாள்காட்டியே நல்ல அளவுகோல். 2010-ல் ராஜீவன், சுலோசனா காட்கில், பட்டே ஆகியோர் மத்திய இந்தியப் பருவமழையின் தீவிர, இடைவெளிக் காலங்களை அப்படித்தான் பிரித்தார்கள். அந்தந்தத் தேதியின் பல்லாண்டுச் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு மேலோ கீழோ தொடர்ந்து மூன்று நாளாவது நின்றால்தான் கணக்கு. பெரும் பரப்பின் சராசரி என்பதால் திட்ட விலக்கம் அங்கே செல்லும். ஒற்றை மழைமானியில் சுழிகளே மிகுதி. அதற்குச் சதமான வரிசை மேல். தேதியைச் சுற்றிய பதினைந்து நாள், முப்பது ஆண்டு என 450 அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள இருபத்திரண்டுக்குள் வரும் நாளைக் குறிக்கலாம்.

மே மாத மழையை மே மாதத்தோடு ஒப்பிடும் இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அந்தத் தண்ணீர் மேலே மலையில் பெய்த மழை. அடிவாரத்து மழைமானியின் வரிசையில் எந்தப் பட்டை போட்டாலும், அங்கே பெய்யாத மழைக்கு வண்ணம் ஏறாது.